வீட்டுக்கு ஒரே கார், அதுவும் கூரை மடிக்கிற கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, காரைக்குடியில் என் நண்பன் வீட்டுத் தெருமுனை வேகத்தடை முன்னால் நானும் அவனும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். கையில் இஞ்ச் டேப், சணல் கயிறு, 20 செ.மீ. உயரத்துக்கு அறுத்த இரண்டு மரக்கட்டைகள். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, ரோடு போடப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் ரோடு போட வரவில்லை. அவன் பழைய மினி கூப்பர் எஸ் கன்வெர்ட்டிபிள் ஒன்றுக்கு விலை பேசி வைத்திருந்தான். வீட்டில் இருக்கிற நாலு கதவு செடானை விற்றுவிட்டு, இனி இது ஒன்றுதான் வண்டி என்பது திட்டம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வண்டி இந்தத் தெருவைத் தாண்டுமா என்று பார்க்க வந்திருந்தோம்.

இரண்டு கதவு கூப்பேயோ, கூரை திறக்கும் வண்டியோ வாங்குகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சொல்வது இடவசதியைப் பற்றித்தான். அப்பத்தா எப்படி ஏறுவாள், கல்யாணத்துக்குப் பாத்திரம் எங்கே வைப்பாய் என்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் என் அனுபவத்தில், இந்த வகை வண்டியை ஒரே வண்டியாக வைத்திருந்தவர்கள் அதை விற்றது இடம் போதாமல் அல்ல. தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியும், அந்த இடைவெளி போதாதபோது இன்சூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பது தெரியாமல் போனதும்தான் அவர்களை விற்க வைத்தன.

இடவசதியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். இந்த மினியில் நாலு இருக்கை. பின்னால் பள்ளிப் பிள்ளை தாராளமாக உட்காரும், பெரியவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். டிக்கி கூரை மூடியிருந்தால் 215 லிட்டர், கூரையை மடித்தால் 160. ஒரு வாரத்து மளிகையும் ஒரு பள்ளிப் பையும் வைக்கலாம், வாழைத்தார் வைக்க முடியாது. நண்பன் முந்தைய ஆண்டின் பயணங்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தான். தினமும் தேவகோட்டையில் உள்ள தன் கடைக்குப் போய் வருவது அவன் மட்டும். மனைவியும் மகளும் சேர்ந்து மூன்று பேராகப் போவது வாரத்தில் இரண்டு நாள். அம்மாவையும் சேர்த்து நாலு பேரும் பெட்டிகளுமாகப் போனது ஆண்டில் பதினோரு முறை, எல்லாமே கல்யாணம், சாந்தி, பிள்ளையார்பட்டி என்று முன்கூட்டியே தேதி தெரிந்த பயணங்கள். பதினோரு நாளைக்கு டிராவல்ஸ் இன்னோவா சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த வாடகை, இரண்டாவது கார் ஒன்றை வாங்கி நிறுத்தி வைப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தேதி தெரியாமல் வரும் நாலு பேர் பயணம் உங்கள் வீட்டில் அடிக்கடி உண்டென்றால், உதாரணமாக வாரா வாரம் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஆள் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கதவு வண்டி உங்களுக்கு வேண்டாம்.

சரி, வேகத்தடைக்கு வருவோம்.

விளம்பரத் தாளில் தரை இடைவெளி என்று ஓர் எண் இருக்கும். பி.எம்.டபிள்யூ. இசட்4-க்கு 114 மி.மீ. என்று போட்டிருக்கிறது. இந்தியாவுக்கு முதலில் வந்த ஃபோர்டு மஸ்டாங்குக்கு 137. மஹிந்திரா தாருக்கு 226. (அதுவும் துணிக்கூரையோடு வந்த வண்டிதானே என்று என் மைத்துனர் விடாமல் வாதாடுவார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது வேறு ஆசை.) இந்த எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆட்கள் ஏறிப் பெட்ரோலும் நிரம்பினால் ஸ்பிரிங் ஒன்று, ஒன்றரை செ.மீ. இறங்கும். நண்பன் பார்த்த வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு, வயிற்றுப் பக்கம் மிகத் தாழ்ந்த இடத்தில் நாங்களே அளந்தது 11.5 செ.மீ. இதுதான் கணக்குக்கு உதவும் எண்.

அடுத்தது, வேகத்தடையின் உயரமும் வடிவமும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போன்ற வளைவு. கேட்கும்போது 10 செ.மீ. பயமாக இருக்கும். ஆனால் மினியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தான். 3.7 மீட்டர் வளைவின் மேல் நாலு சக்கரமும் சேர்ந்து ஏறிவிடும். அப்போது வண்டியும் மேலே போய்விடுவதால், நடுவில் வயிற்றை நோக்கி வளைவு எழும்பும் அளவு கொஞ்சம்தான். சக்கர இடைவெளியை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது 4.6 செ.மீ. 11.5-ல் 4.6 போனாலும் கையை நுழைக்கிற அளவுக்கு இடம் மிச்சம். அதாவது விதிப்படி போட்ட வேகத்தடை இந்த மாதிரி வண்டியை உரசாது. திருச்சி–ராமநாதபுரம் சாலையில் ஒழுங்காகப் போட்ட தடைகளை இந்த வண்டிகள் சத்தமில்லாமல் தாண்டுவது இதனால்தான்.

உரசுவது நம் தெருக்களில் இருப்பவை. யாரோ ஒரு பிள்ளை அடிபட்டதும் இரவோடு இரவாகத் தாரைக் கொட்டி மிதித்து உருட்டியது. அகலம் இரண்டடி, உயரம் அரையடி. முன் சக்கரம் ஏறி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவில் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும். அதனால் அகலமான 10 செ.மீ. தடையைவிடக் குறுகலான 12 செ.மீ. தடைதான் ஆபத்து.

ஒவ்வொரு தடைக்கும் கணக்குப் போட வேண்டியதில்லை. அதற்குத்தான் கயிறும் கட்டைகளும். சக்கர இடைவெளி அளவுக்குக் கயிற்றை வெட்டி, இரண்டு முனைகளையும் 20 செ.மீ. கட்டைகளின் உச்சியில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டை முன் சக்கரம், மற்றது பின் சக்கரம். இரண்டு பேர் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, கட்டைகளைத் தரையில் வைத்து வைத்து வேகத்தடையின் குறுக்கே அரையடி அரையடியாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு நிலையிலும் கயிற்றுக்கும் தடைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று டேப்பால் அளக்க வேண்டும். கிடைக்கிற மிகக் குறைந்த அளவை 20-இல் கழித்தால், அந்தத் தடை உங்கள் வண்டியின் வயிற்றிடம் எவ்வளவு உயரம் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

நண்பனின் அன்றாட வழியில் ஒன்பது தடைகள். ஆறு தடைகள் 5-லிருந்து 8 செ.மீ. வரைதான் கேட்டன, கவலையில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் இருந்தது 10.5. மெதுவாகப் போனால் தாண்டும், பின்னால் மகளும் பையும் இருந்தால் உரசும். தெருமுனையில் பால்காரர் எங்களைப் பார்த்த அந்தத் தடை 14 கேட்டது. கடைசி ஒன்று 12. சாய்வாக, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் ஏறும்படி எடுத்தால் கொஞ்சம் தப்பலாம். அந்தப் பன்னிரண்டுக்கு அது போதும், ஆனால் எதிரே டவுன் பஸ் வராத நேரமாக இருக்க வேண்டும். பதினாலுக்கு எந்த வித்தையும் உதவாது.

தெருவைப் போலவே வீட்டையும் அளக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டிருக்கும். வண்டி நிற்பது பெரும்பாலும் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில். அந்த ஷெட்டுகள் உயரச் சக்கரம் வைத்த அந்தக் கால மோட்டார்களுக்காகக் கட்டியவை. நண்பன் வீட்டில் தெருவிலிருந்து ஷெட் தரை 40 செ.மீ. உயரம், சரிவின் நீளம் ஒன்றரை மீட்டர். கணக்கில் அது 15 டிகிரி ஏற்றம். முன் பம்பரின் அடி உதடு முதலில் முட்டுவது இங்கேதான். சரிவை இரண்டரை மீட்டருக்கு நீட்டினால் 9 டிகிரியாக இறங்கிவிடும். ஆனால் தெருப்பக்கம் நீட்டினால் வாய்க்காலை மூடுவதாகும், பஞ்சாயத்தும் வரும். அவன் உள்பக்கம் தரையை உடைத்துச் சரிவை ஷெட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டான். இன்னொரு சங்கதி, இரண்டு கதவு வண்டியின் கதவு நாலு கதவு வண்டியின் கதவைவிட நீளம். ஷெட்டுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே முக்கால் மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இறங்குவதற்கே யோகாசனம் செய்யவேண்டும்.

இப்போது இன்சூரன்ஸ். மற்ற நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பிரீமியம் தலையில் கல்லைப் போடும் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். இங்கே கணக்கு வேறு. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, அது என்ஜின் கொள்ளளவைத்தான் பார்க்கிறது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1500 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாத் தனியார் காருக்கும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். 1998 சி.சி. மினியும் அதே அளவு என்ஜின் உள்ள ஏழு இருக்கை வண்டியும் ஒரே தொகைதான் கட்டுகின்றன. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், பாலிசியில் வண்டிக்கு எழுதும் மதிப்பான ஐ.டி.வி., வண்டியின் வயது, என்ஜின், பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. சென்னை, பெங்களூரு உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்ற ஊர்கள் பி மண்டலம். சிவகங்கை மாவட்டப் பதிவு, அதாவது டி.என். 63, பி மண்டலத்தில் வரும், கொஞ்சம் மலிவு. இதற்கு மேல் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும்.

எனவே பிரீமியத்தில் பெரிய அதிர்ச்சி இல்லை. கிளெய்ம் செய்யும் நாளில்தான் அது வரும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பழைய வண்டி வாங்குகிறவருக்கு அது இன்னும் பெரிதாக வரும்.

ஒரு சாதாரண விரிவான பாலிசி உதிரிப்பாகத்தின் முழு விலையையும் தருவதில்லை. தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் தரும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டி புதிதாக இருந்தாலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும், ஐந்திலிருந்து பத்து வயது வண்டிக்கு 40 சதவீதம். இந்தக் கழிவை நீக்குகிற ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு உண்டு, ஆனால் வண்டிக்கு ஐந்து வயது ஆனதும் பல கம்பெனிகள் அதைத் தருவதை நிறுத்திவிடும். நண்பன் பேசிய வண்டிக்கு ஏழு வயது.

கணக்குக்காக ஒரு சின்ன மோதலை எடுத்துக்கொள்வோம். திருமயம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தும் முன்னால் இருந்த டிராக்டர் டிரெய்லரில் லேசாக முட்டிவிட்டது. முன் பம்பர் 80,000 ரூபாய், ஒரு ஹெட்லைட் 1,40,000, ரேடியேட்டர் 60,000, கூலி 40,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,20,000. பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் கணக்கு, பாதி கிடைக்கும், அதாவது 1,10,000. ரேடியேட்டருக்கு 40 சதவீதம் கழித்து 36,000. கூலி முழுசாக 40,000. கூட்டினால் 1,86,000. அதில் 1500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டாயக் கழிவு 2,000. கையிலிருந்து போவது 1,36,000. உள்ளூரில் ஓடும் ஒரு ஹேட்ச்பேக்குக்கும் இதே சதவீதம்தான், ஆனால் அதன் பம்பர் சில ஆயிரம். இந்த வண்டிகளில் உதிரிப்பாக விலை இறக்குமதி விலை, அதனால் அதே சதவீதம் லட்சத்தில் வந்து நிற்கிறது. என் யோசனை, ஆண்டுதோறும் ஒரு லட்சமாவது இந்தக் கழிவுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதவர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் ஒரே வண்டி பட்டறையில் பணத்துக்காகக் காத்திருந்தால் கடைக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும்.

ஐ.டி.வி. விஷயத்தில் நண்பன் ஒரு தப்புச் செய்யவிருந்தான். முதல் ஐந்து ஆண்டுக்கு ஐ.டி.வி. அட்டவணைப்படி குறையும். அதற்குப் பிறகு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். ஏஜென்ட் இரண்டு தாள் அனுப்பினார். 20 லட்ச ஐ.டி.வி.க்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 35,000, 14 லட்சத்துக்கு 24,500. வரியையும் சேர்த்தால் 12,000 சொச்சம் மிச்சமாகும் என்று பார்த்துக் குறைந்ததில் கையெழுத்துப் போடப்போனான். வண்டி திருடு போனாலோ, பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி முழுச் சேதம் என்று முடிவானாலோ கிடைப்பது ஐ.டி.வி. மட்டுமே. 24 லட்சம் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு 14 லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். ஐ.டி.வி. குறைவாக இருந்தால் அந்த 75 சதவீதக் கோடும் தாழ்ந்துவிடும். சரிசெய்யக்கூடிய வண்டியைக்கூட முழுச் சேதமென்று எழுதிவிட அது வழி செய்யும். 20 லட்சத் தாளில்தான் கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

வேகத்தடைக்கும் இன்சூரன்ஸுக்கும் நேரடி உறவு இருக்கிறது. வயிறு உரசுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் அடிமூடியோடு போய்விடும், அதற்கெல்லாம் கிளெய்ம் போடுவது முட்டாள்தனம். கிளெய்ம் போடாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டு 50-க்கு ஏறும். ஒரு சின்ன கிளெய்ம் போட்டாலும் அடுத்த ஆண்டு பூஜ்யம். பம்பர் உதட்டுக்கு 9,000 ரூபாய் வாங்கப்போய், அடுத்த ஆண்டு பிரீமியத்தில் 17,000 விடவேண்டி வரும். இந்தப் போனஸ் வண்டியுடையது அல்ல, ஆளுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்கும்போது விற்பவரின் போனஸ் உங்களுக்கு வராது. உங்கள் செடானை விற்கும்போது அந்தக் கம்பெனியிடம் போனஸ் சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் புது வண்டியில் பயன்படுத்தலாம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் பகுதி மட்டும் தொடரும், சொந்தச் சேதக் கிளெய்ம் சிக்கலில் மாட்டும்.

ஆனால் உரசல் அடிமூடியைத் தாண்டி, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைத் தொட்டுவிட்டால் கதை மாறும். சம்ப் விரிசல் விழுந்தால் அந்தச் செலவு பாலிசிக்குள் வரும். விரிசலோடு வண்டியை ஓட்டி, ஆயில் முழுதும் வடிந்து, என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டால் அது விபத்தின் நேரடிச் சேதமல்ல, பின்விளைவு என்று சர்வேயர் எழுதுவார். பின்விளைவுச் சேதம் சாதாரண பாலிசியில் இல்லை. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று வாங்கலாம், அதுகூடத் தெரிந்தே ஓட்டியதற்குக் காக்காது. ஆகவே கனமான ஒரு 'டங்' கேட்டால், ஐம்பது மீட்டருக்குள் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்துக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஏ.சி. தண்ணீர் தெளிவாக, பயணி இருக்கைப் பக்கம் சொட்டும். ஆயில் பழுப்பாக, முன் சக்கரங்களுக்கு நடுவே விரலில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும்.

இழுவை வண்டியென்றதும் இன்னொரு வரி. சாதாரண பாலிசியில் இழுவைச் செலவுக்கு வரம்பு 1,500 ரூபாய். நண்பன் நம்பக்கூடிய பட்டறை சென்னையில், காரைக்குடியிலிருந்து 400 கிலோமீட்டர். தட்டு லாரியில் ஏற்றிப்போக 1,500 டீச்செலவுக்குப் போதும். இந்த வரம்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி உயர்த்தலாம், அல்லது சாலையோர உதவித் திட்டத்தில் கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு என்று படித்துப் பார்த்து வாங்கலாம். பெரிய ஊரில் இருப்பவர் இதைக் கவனிக்கவே வேண்டியதில்லை, நாம் கவனித்தே ஆகவேண்டும்.

டயரும் அப்படித்தான். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்தான். காற்று முழுதும் இறங்கிய பிறகு 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டலாம் என்பது வழக்கமான வரம்பு. காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கணக்குப் போட்டு ஊருக்கு ஒரு பத்துக் கிலோமீட்டர் முன்னால் நிற்க வைப்பது போல இருக்கிறது. அதைவிட, மெல்லிய பக்கச்சுவர் உள்ள டயர் குழியில் அடிபட்டால் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் வரும். அது உள்நூல் அறுந்ததன் அடையாளம், பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். டயர் மட்டும் சேதமானால் பாலிசி ஒரு பைசா தராது, வண்டியும் அதே அடியில் சேதமாகியிருந்தால்தான் பாதி விலை. டயர் பாதுகாப்பு என்று தனிச் சேர்க்கை உண்டு, நண்பன் வாங்கிக்கொண்டான். கூடவே, அதே அளவில் ஒரு டயரை முன்கூட்டியே வாங்கி ஷெட்டின் பரணில் போட்டிருக்கிறான். சொன்னவுடன் கிடைக்கிற அளவல்ல அது.

கூரையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது வேண்டுமென்றே. உண்மையைச் சொன்னால், சித்திரை, வைகாசியில் நம் ஊரில் கூரையைத் திறக்கும் நேரம் காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான். அந்த நேரத்தில் கானாடுகாத்தான் பக்கம் ஓட்டிப்போனால் கிடைக்கிற சுகத்துக்காகத்தான் இவ்வளவு கணக்கும். கூரை திறக்க 18 வினாடி, 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறக்கலாம். வெயில் துணியை வெளுக்க வைக்கும், தையலை இறுக்கும், அதனால் ஷெட் இல்லாதவர் துணிக்கூரை வண்டியை இங்கே நினைக்கவே வேண்டாம். ஷெட் இருந்தாலும் தெருப்பூனையிடம் ஜாக்கிரதை. சூடான துணிக்கூரை அதற்குப் பஞ்சு மெத்தை, நகத்தைத் தீட்டிக்கொள்ளவும் வசதி.

கன்வெர்ட்டிபிளைக் கொல்வது வெயிலை விட வேப்பம்பூதான். கூரை மடியும் இடத்தின் இரண்டு பக்கமும் மழைநீர் வடிவதற்குச் சின்னக் குழாய்கள் இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் இலைக்காம்பும் செம்மண் புழுதியோடு சேர்ந்து அதில் களிமண்ணாக அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை வரும்போது தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கும், மிதியடிக்குக் கீழே தேங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், கீழே பஞ்சு ஊறியிருக்கும். காலையில் முன்கண்ணாடி உள்பக்கம் பனி படர்ந்திருந்தால், பழைய சாக்கு வாடை வந்தால், அதுதான் அறிகுறி. அந்த இடத்தில்தான் பல வண்டிகளுக்கு மின் இணைப்புகளும் ஓடுகின்றன. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் இப்படி நனைந்து, ஒருநாள் கதவுக் கண்ணாடி இறங்காமல் நின்றது. கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கதவு திறக்க, கண்ணாடி கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காததால் கதவை இழுத்துத் திறந்து ரப்பர் விளிம்பும் கிழிந்தது. இது விபத்தல்ல, பராமரிப்புக் குறை, இன்சூரன்ஸிடம் போய் நிற்க முடியாது. புரட்டாசியிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை வடிகால் வாயில் மெதுவாக ஊற்றிப் பார்க்க வேண்டும். சில வினாடியில் பின் சக்கரத்தின் பக்கம் தரையில் வடிந்தால் சரி. வடியாவிட்டால் தடித்த தூண்டில் நரம்பை விட்டு மெதுவாகத் துழாவலாம். கம்ப்ரஸர் காற்றை அடித்துவிடக் கூடாது, உள்ளே குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் நேராக வண்டிக்குள் போகும்.

உயரம் போதவில்லை என்று ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்து இரண்டு செ.மீ. தூக்குவது நம் பட்டறைகளில் சகஜம். நண்பனும் கேட்டான். நான் வேண்டாமென்றேன். தூக்கினால் சக்கரச் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும், வளைவில் வண்டியின் பிடிமானமும் போய்விடும், அதற்காகத்தானே இதை வாங்குகிறோம். இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வாதத்துக்கு இடம் கொடுக்கும். அப்படி ஒரு மாற்றம் இல்லாவிட்டால் தெருவில் ஓடாது என்றால், அந்த வண்டி அந்தத் தெருவுக்கான வண்டியில்லை.

நண்பன் வாங்கிவிட்டான். மூன்று வாரமாக ஓட்டுகிறான். பள்ளிக்கூடத் தடையில் மகளை ஒரு நிமிடம் முன்னாலேயே இறக்கிவிட்டுத் தாண்டுகிறான், அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அம்மா இரண்டு முறை முன் இருக்கையில் ஏறினார், இறங்கும்போது இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. தெருமுனையில் இருக்கும் பதினாலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தினமும் காலையில் பின்தெரு வழியாக அறுநூறு மீட்டர் சுற்றிக்கொண்டு போகிறான். முன்தெரு ஆட்கள் அவனுக்கு ஏதோ வாஸ்துக் குறை என்று பேசிக்கொள்கிறார்களாம்.